ரீல் ஓடியது, ஆர்டர் வரவில்லை: எந்தப் பதிவை எந்த எண்ணால் அளப்பது?

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸாப்பிலும் விற்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். கடையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இந்த அளவில் வியாபாரம் செய்கிற பலருடைய கணக்கிலும் இதே மாதிரியான படம்தான் தெரியும்.

கணக்குக்கு 4,000 ஃபாலோயர்கள். மார்கழி மாதம் கடைக்காரர் ஒரு ரீல் போடுகிறார்: "தேங்காய் எண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு கிடக்கே, கலப்படமா?" தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு, பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இளகிவிடும் என்று முப்பது விநாடியில் காட்டிவிடுகிறார். ரீல் நன்றாக ஓடுகிறது. 18,000 பேரைச் சென்றடைகிறது. 420 லைக், 310 ஸேவ், 640 ஷேர். அதிலிருந்து கடையின் வாட்ஸாப் லிங்க்கைத் தொட்டவர்கள் 22 பேர். ஆர்டர் மூன்று.

அதே வாரம் ஒரு ஸ்டோரியும் போடுகிறார். பொங்கலுக்கு முன்னால் வீடு வந்து சேரும் ஐந்து லிட்டர் டின், விலை, கடைசித் தேதி, கீழே லிங்க் ஸ்டிக்கர். பார்த்தவர்கள் 900 பேர்தான். லைக் பதினொன்று. லிங்க்கைத் தொட்டவர்கள் 54 பேர், வாட்ஸாப்பில் செய்தி அனுப்பியவர்கள் 31 பேர், ஆர்டர் கொடுத்தவர்கள் 14 பேர்.

இந்த இரண்டில் எது நல்ல பதிவு? லைக்கை வைத்துப் பார்த்தால் ரீல். அந்த முடிவோடு போனால் கடைக்காரர் இனி ரீலாகவே போட்டுத் தள்ளுவார். ஊரே பார்க்கும், டின் நகராது. லிங்க் க்ளிக்கை வைத்துப் பார்த்தால் ஸ்டோரி. அந்த முடிவோடு போனால் தினமும் விலையும் சலுகையுமாகப் போடுவார். இரண்டு மூன்று மாதத்தில் அதே 900 பேர் 600 ஆவார்கள், வாங்கியவர்களே திரும்பத் திரும்ப வாங்குவார்கள், புதிய முகம் ஒன்றும் வராது. இரண்டு வழியிலும் பதிவில் குறை கிடையாது. ஒரு பதிவிடம் கேட்காத வேலைக்கு இன்னொரு பதிவின் அளவுகோலை வைத்து மதிப்பெண் போட்டதுதான் கோளாறு.

ரீல் யாரையும் எதையும் வாங்கச் சொல்லவில்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்து ஒருவர் செய்யக்கூடிய இயல்பான காரியம், "பாரும்மா, நான் சொன்னேன்ல" என்று வீட்டில் இருப்பவருக்கு அனுப்புவது. அதனால் ரீலின் எண் ஷேர். ஸ்டோரியில் விலை இருந்தது, தேதி இருந்தது, தொடுவதற்கு ஓர் இடம் இருந்தது. அதைப் பார்த்தவர் செய்ய வேண்டிய காரியம் தொடுவது. அதனால் ஸ்டோரியின் எண் லிங்க் க்ளிக். எந்த எண்ணைப் பார்ப்பது என்ற கேள்விக்கான விடை, இன்ஸ்டாகிராம் இந்த எண்களைக் காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தில் கிடைக்காது. இந்தப் பதிவைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பதிவு போடுவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தால் அந்தக் குறிப்பிலேயே கிடைக்கும்.

இதில் இன்ஸ்டாகிராமின் அமைப்புக்கும் பெரிய பங்கு உண்டு. சாதாரண போஸ்ட் அல்லது ரீலின் கேப்ஷனில் லிங்க் போட்டால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டால் திறக்காது. ரீல் பார்த்தவர் கடைக்கு வர வேண்டுமென்றால் பெயரைத் தொட்டு, ப்ரொஃபைலுக்குப் போய், பயோவில் இருக்கும் லிங்க்கைத் தேடித் தொட வேண்டும். ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் படத்தின் மேலேயே இருக்கிறது. 2021 அக்டோபரில் அந்த ஸ்டிக்கர் எல்லாக் கணக்குகளுக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் ஸ்டோரியில் லிங்க் வைக்கப் பத்தாயிரம் ஃபாலோயர்களோ நீல டிக்கோ வேண்டியிருந்தது. ஆக, ரீலுக்கு வந்த 22 க்ளிக்கையும் ஸ்டோரிக்கு வந்த 54 க்ளிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே சரியில்லை. ஒன்றில் மூன்று படி ஏற வேண்டும், மற்றதில் கதவு நேராகத் திறக்கிறது.

சரி, ரீல் செய்வது அறிமுகம், கடையைப் புதியவர்களுக்குத் தெரியவைக்கும் வேலை. அந்த அறிமுகத்துக்கு க்ளிக்கை ஏன் அளவாக வைக்கக் கூடாது? வாங்க விருப்பம் இருப்பவர்தானே தொடுவார், அவர்களை எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு இணைய விளம்பரத் துறையிலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் விளம்பரம் வந்த நாளிலிருந்தே, எண்ணுவதற்கு எளிதாக இருந்தது என்பதால் க்ளிக் இந்தத் துறையின் முதல் அளவாகிவிட்டது. 2009ல் காம்ஸ்கோர் நிறுவனம் அமெரிக்க இணையப் பயனாளர்களை ஆராய்ந்தபோது, பேனர் விளம்பரங்களுக்கு வரும் க்ளிக்குகளில் 85 சதவீதத்தை வெறும் 8 சதவீதம் பேர்தான் போடுகிறார்கள் என்று தெரியவந்தது. பெரும்பாலானவர்கள் விளம்பரத்தைத் தொடுவதே இல்லை. பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்களிலும் ஒரு பகுதியினர் பிறகு வாங்கத்தான் செய்கிறார்கள். பேனருக்கும் ரீலுக்கும் வித்தியாசம் நிறைய இருந்தாலும் இதிலுள்ள எச்சரிக்கை பொருந்தும். அறிமுகத்தை க்ளிக்கால் அளந்தால், எதைக் கண்டாலும் தொடும் ஒரு சின்னக் கூட்டத்துக்குப் பிடித்ததையே செய்யப் பழகிவிடுவோம். பெயரை மனதில் வாங்கிக்கொண்டு அமைதியாகப் போனவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

அடுத்து ஸேவும் ஷேரும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் "அறிமுகத்துக்கான எண்கள்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். இரண்டையும் செய்யும்போது மனிதர் நினைப்பது வேறு வேறு.

ஷேர் செய்பவர் மனதில் இன்னொரு ஆள் இருக்கிறார். அம்மா, அக்கா, அபார்ட்மெண்ட் குழு, அலுவலக நண்பர். அந்த இன்னொரு ஆள் கடையைப் பற்றிக் கேள்விப்படாதவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே ஷேர் நேரடியாகவே புதிய கண்களைக் கொண்டுவருகிறது. இது போக, இன்ஸ்டாகிராம் ஒரு பதிவை யாருக்கெல்லாம் காட்டலாம் என்று முடிவு செய்யும்போதும் அதைக் கணக்கில் எடுக்கிறது. பார்க்கும் நேரம், லைக், அனுப்புதல் மூன்றும் முக்கியமான குறிப்புகள் என்றும், ஏற்கெனவே தொடர்பவர்களுக்குக் காட்டுவதில் லைக்குக்குச் சற்றுக் கூடுதல் எடை, தொடராதவர்களுக்குக் கொண்டுபோவதில் அனுப்புதலுக்குக் கூடுதல் எடை என்றும் அதன் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் விளக்கியிருந்தார். லைக்கையும் அனுப்புதலையும் மொத்தமாகப் பார்க்காமல் ரீச்சால், அதாவது பதிவு சென்றடைந்தவர்களின் எண்ணிக்கையால், வகுத்துப் பார்க்கச் சொன்னதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

ஸேவ் செய்பவர் மனதில் இருப்பது அவரேதான். "எனக்கு அப்புறம் வேண்டியிருக்கும்" என்று நினைக்கிறார். அது யாருக்கும் தெரியாது, ஃபாலோயர்களுக்குக்கூடத் தெரியாது. அதனால் ஸேவ் புதிய ஆளை நேரடியாகக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே தெரிந்தவர் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறார் என்று காட்டுகிறது. அறிமுகத்துக்கும் விற்பனைக்கும் நடுவிலுள்ள படி அது.

நம் கடையின் மூன்றாவது பதிவை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். எந்த எண்ணெய் எந்தச் சமையலுக்கு, திறந்த பிறகு எவ்வளவு நாள் தாங்கும், எங்கே வைக்க வேண்டும், நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று ஏழு படங்களாக ஒரு கெரசல். 2,600 பேரைச் சென்றடைந்தது. 208 ஸேவ், 26 ஷேர். அதாவது பார்த்தவர்களில் 8 சதவீதம் எடுத்து வைத்தார்கள், 1 சதவீதம் மட்டும் பிறருக்கு அனுப்பினார்கள். ரீலில் இது தலைகீழ்: 640ஐ 18,000ஆல் வகுத்தால் ஷேர் சுமார் 3.6 சதவீதம், ஸேவ் 1.7 சதவீதம். கெரசலின் இன்சைட்ஸில் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஃபாலோயர்கள். ரீலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஃபாலோயர் அல்லாதவர்கள். கெரசலை அறிமுகப் பதிவு என்று எண்ணி "2,600 பேர்தானா" என்று கடைக்காரர் சோர்ந்துபோயிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். மாதம் எவ்வளவு எண்ணெய் ஆகும் என்ற கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளும் ஒருவர் வாங்கப் போகிறவர். அந்த 208 பேருக்கு அடுத்த வாரம் விலையோடு ஒரு ஸ்டோரி போட வேண்டும் என்பதே அந்த எண் சொல்லும் செய்தி. யார் யார் ஸேவ் செய்தார்கள் என்று இன்ஸ்டாகிராம் பெயர் சொல்லாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்; எனவே எல்லா ஃபாலோயருக்கும் பொதுவாகத்தான் போட முடியும். அதனால் ஒன்றும் குறைவில்லை.

வகுத்துப் பார்ப்பதை நான் வற்புறுத்தக் காரணம், மொத்த எண் எப்போதும் ரீச்சின் நிழலாகவே இருக்கும். 18,000 பேரிடம் போன ரீலுக்கு 310 ஸேவ், 2,600 பேரிடம் போன கெரசலுக்கு 208 ஸேவ் என்று மட்டும் பார்த்தால் ரீல்தான் ஸேவிலும் முந்துகிறது. வகுத்த பிறகுதான் கெரசல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு மேல் என்று தெரிகிறது.

விற்பனைப் பக்கத்துக்கு வருவோம். லிங்க் க்ளிக் விற்பனைக்கு அளவு என்றாலும் அதுவே விற்பனை ஆகிவிடாது. க்ளிக்குக்குப் பின்னால் இன்னும் சில வாசல்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று புரியும். ஸ்டோரியில் 900 பேர் பார்த்து 54 பேர் தொட்டார்கள், ஆறு சதவீதம். 54ல் 31 பேர் செய்தி அனுப்பினார்கள். 31ல் 14 பேர் பணம் கட்டினார்கள். தொட்டும் செய்தி அனுப்பாமல் போன 23 பேர் எதனால் போனார்கள்? செய்தி அனுப்பியும் வாங்காத 17 பேர்? இரண்டாவது கேள்விக்கு விடை வாட்ஸாப் உரையாடல்களிலேயே கிடக்கும். படித்துப் பார்த்தால் பாதிப் பேர் டெலிவரி கட்டணத்தைக் கேட்டதோடு நின்றிருப்பார்கள். அப்படியானால் கோளாறு விளம்பரத்தில் கிடையாது, கட்டணத்தை முன்பே சொல்லாததில். கட்டணத்தையும் சேர்த்து ஸ்டோரியிலேயே எழுதினால் அடுத்த முறை க்ளிக் 54லிருந்து 40க்கு இறங்கக்கூடும். ஆர்டர் 14லிருந்து 18க்கு ஏறக்கூடும். க்ளிக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது சரிவாகத் தெரியும்.

நம் ஊரில் சின்ன வியாபாரம் பெரும்பாலும் இணையதளம் இல்லாமல் வாட்ஸாப்பிலேயே முடிந்துவிடுவதால், எந்தப் பதிவிலிருந்து வந்தார்கள் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வாட்ஸாப் லிங்க்கில் முன்கூட்டியே ஒரு செய்தியைச் சேர்த்து வைக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு செய்தி:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Pongal%20tin
https://wa.me/91XXXXXXXXXX?text=Oil%20vilai
```

முதல் லிங்க் ஸ்டோரி ஸ்டிக்கரில், இரண்டாவது பயோவில். எண்ணின் இடத்தில் நாட்டுக் குறியீட்டோடு கடையின் எண், கூட்டல் குறியோ இடைவெளியோ இல்லாமல். தொட்டவருக்கு வாட்ஸாப் திறக்கும்போதே "Pongal tin" என்று தட்டச்சாகி நிற்கும், அவர் அனுப்பினால் போதும். வந்த செய்தியின் முதல் வரியைப் பார்த்தே எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். சிலர் அதை அழித்துவிட்டு "விலை என்ன" என்று தாங்களே எழுதுவார்கள், அவர்கள் கணக்கில் விட்டுப்போவார்கள். பெரும்பான்மையானவர்கள் அப்படியே அனுப்பிவிடுவார்கள். இணையதளம் வைத்திருப்பவர்கள் இதே வேலையை லிங்க்கின் கடைசியில் `utm_source`, `utm_campaign` போன்ற அடையாளங்களைச் சேர்த்து கூகுள் அனலிட்டிக்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்து விளம்பரம் செய்யும்போது இந்த எண் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. சாதாரணப் பதிவில் தப்பான எண்ணைப் பார்த்தால் நம் கணிப்புதான் கெடும். மெட்டா விளம்பரத்தில் தப்பான நோக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், அது நாம் கேட்டதையே கொண்டுவந்து கொட்டிவிடும். விளம்பரம் தொடங்கும்போது அறிமுகம், ட்ராஃபிக், என்கேஜ்மெண்ட், லீட்ஸ், ஆப் விளம்பரம், விற்பனை என்று ஆறு நோக்கங்களில் ஒன்றைக் கேட்கிறது. ட்ராஃபிக்கைத் தேர்ந்து லிங்க் க்ளிக் வேண்டும் என்றால், லிங்க்கைத் தொடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்கள் வாங்குகிறவர்களா என்று அது பார்க்காது, நாம் அதைக் கேட்கவும் இல்லை. க்ளிக் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்று மலிவாக வருகிறதே என்று மகிழ்ந்து, மாதக் கடைசியில் ஆர்டரை எண்ணும்போது திகைக்கிறவர்கள் நிறைய. அறிமுகம் என்ற நோக்கத்தைத் தேர்ந்தாலோ, எத்தனை பேருக்கு, ஒருவருக்கு எத்தனை முறை காட்டினோம் என்பதுதான் அங்கே அளவு. அந்த விளம்பரத்துக்கு ஷேர் வரவில்லை என்று வருந்துவதும் பொருத்தமில்லை. ஷேரைச் சம்பாதிப்பது பதிவின் உள்ளடக்கம், காசு கொடுத்து வாங்கியது வெறும் பார்வை.

அப்படியானால் எல்லோரும் விற்பனை என்பதையே தேர்ந்துவிடலாமே? அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று விளம்பர அமைப்பு கற்றுக்கொள்ள, ஒரு வாரத்துக்குள் சுமார் 50 முறையாவது நாம் கேட்ட காரியம் நடக்க வேண்டும் என்று மெட்டாவே சொல்கிறது. வாரம் 14 டின் விற்கும் கடையால் 50 விற்பனையைக் காட்ட முடியாது. அந்தக் கடைக்கு, விற்பனைக்கு மிக அருகில் இருந்து போதுமான அளவு நடக்கிற காரியம் எது என்று பார்க்க வேண்டும். இங்கே அது வாட்ஸாப் செய்தி. க்ளிக்கைவிட அது விற்பனைக்கு நெருக்கமானது, விற்பனையைவிட அடிக்கடி நடப்பது. ஸ்டோரியில் வந்தது 31தான் என்றாலும், விளம்பரமும் சேர்ந்தால் 50ஐ எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறது. இலக்குக்கு மிக நெருங்கிய எண் எப்போதும் பயன்படும் எண்ணாக இருப்பதில்லை. அது போதிய தடவை நடக்கவும் வேண்டும்.

எண்ணின் பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருப்பதும் இதில் சேர்த்தி. மெட்டாவின் விளம்பர மேலாளர் பக்கத்தில் `Clicks (all)` என்று ஒரு பத்தி, `Link clicks` என்று இன்னொரு பத்தி. முதலாவதில் லைக், கமெண்ட், ப்ரொஃபைல் படத்தைத் தொட்டது, கேப்ஷனை விரித்துப் பார்த்தது எல்லாம் அடங்கும். ஏஜென்சி அனுப்பும் அறிக்கையில் வெறும் "க்ளிக்" என்று இருந்தால் எந்தப் பத்தி என்று கேட்டே ஆக வேண்டும். இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு அதற்கும் அடுத்து `Landing page views` இருக்கிறது: தொட்டவரில் எத்தனை பேருக்குப் பக்கம் உண்மையில் திறந்தது என்று அது சொல்லும். வருகிறவர்களைக் கவனித்து மெட்டாவுக்குச் சொல்லும் பிக்ஸல் என்ற சின்ன நிரல் துண்டைத் தளத்தில் பொருத்தியிருந்தால்தான் இந்த எண் வரும். இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பக்கம் மெதுவாகத் திறக்கிறது, அல்லது கை தவறித் தொட்டிருக்கிறார்கள்.

பெயரும் பொருளும் எவ்வளவு விலகிப் போகலாம் என்பதற்கு ஃபேஸ்புக்கே ஓர் உதாரணம். வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அது விளம்பரதாரர்களுக்கு ஓர் எண் கொடுத்துவந்தது. மூன்று விநாடிக்குள் தாண்டிப் போனவர்களை அந்தச் சராசரியிலிருந்து விட்டுவிட்டுக் கணக்கிட்டது 2016ல் வெளியே வந்தது. பொறுமையாகப் பார்த்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் சராசரி ஏறத்தானே செய்யும்? 60 முதல் 80 சதவீதம் வரை மிகைப்பட்டிருக்கலாம் என்று அப்போது தெரியவந்தது. இது தொடர்பாக விளம்பரதாரர்கள் போட்ட வழக்கை 2019ல் 4 கோடி டாலர் கொடுத்து ஃபேஸ்புக் சமரசம் செய்துகொண்டது. வீடியோவுக்குக் கூடுதல் பணம் ஒதுக்கிய நிறுவனங்கள் பல, அந்த ஒரு எண்ணை நம்பியும் அந்த முடிவை எடுத்திருக்கலாம்.

நல்ல எண்ணையும் நாமே கெடுத்துவிட முடியும். "ஸேவ் செய்து, மூன்று பேருக்கு ஷேர் செய்து, கீழே டேக் செய்யுங்கள், ஒருவருக்கு ஒரு லிட்டர் இலவசம்" என்று போட்டி வைத்தால் ஷேர் நாலு மடங்காகும். ஆனால் அந்த ஷேர் "இது என் அக்காவுக்குப் பயன்படும்" என்று வந்தது இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? உண்மையான ஷேர் கூடும்போது ஃபாலோயர் அல்லாதவர்களின் பங்கும், ப்ரொஃபைலுக்கு வந்து பார்த்தவர்களும், புதிதாகத் தொடர்ந்தவர்களும் கூடவே நகர்வார்கள். போட்டியால் வந்த ஷேரில் ஷேர் மட்டும் தனியாகக் குதிக்கும், முடிவு அறிவித்த வாரத்தில் தொடர்வோர் எண்ணிக்கை கீழே இறங்கும். போட்டி வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த வாரத்து எண்களை மற்ற வாரத்தோடு கலக்காமல் தனியாக ஒதுக்கி வைத்தால் போதும்.

இனி கடினமான கேள்வி. ஷேர் கூடியது, ரீச் கூடியது, அறிமுகம் உண்மையிலேயே நடந்ததா என்று எப்படித் தெரியும்? ஷேர் அறிமுகத்துக்கான அடையாளம், அறிமுகமே அது இல்லை. உறைந்த எண்ணெய் ரீலை 18,000 பேர் பார்த்தார்கள் என்றாலும் கடையின் பெயர் எத்தனை பேர் மனதில் நின்றது? ரீல் முழுக்க பாட்டிலைக் காட்டிவிட்டுப் பெயர் கடைசி அரை விநாடியில் வந்திருந்தால், அந்த ஷேர் எல்லாம் தேங்காய் எண்ணெய்க்கான அறிமுகம், கடைக்கு இல்லை. நிறையப் பேர் பகிர்ந்த பதிவுகள் பலவற்றுக்கு இதுதான் நேர்கிறது, எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கும். உழைப்பு கடைக்காரருடையது, பலன் யாருக்கும் இல்லை.

இதைச் சரிபார்க்கச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. ஒன்று, கடையின் பெயரையே கூகுளில் தட்டித் தேடுகிறவர்கள் கூடுகிறார்களா என்பது. தளம் இருந்தால் கூகுள் சர்ச் கன்சோலிலும், வரைபடத்தில் கடையைப் பதிந்திருந்தால் அந்தப் பக்கத்தின் கணக்கிலும் இதைப் பார்க்கலாம். இன்னொன்று பழைய முறை: புதிதாக ஆர்டர் கொடுப்பவரிடம் "நம்ம கடையைப் பத்தி எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டு நோட்டில் ஒரு வரி எழுதுவது. "எங்க அக்கா ஒரு வீடியோ அனுப்பினாங்க" என்ற பதிலை எந்த இன்சைட்ஸும் காட்டாது. இன்ஸ்டாகிராமிலிருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குடும்பக் குழுவில் போட்டால் அது ஷேர் கணக்கில் ஏறாது. அங்கிருந்து எண்ணைப் பார்த்து நேராக போன் செய்கிறவர் எந்த லிங்க்கையும் தொட மாட்டார். நம் ஊரில் வாய்வழி வியாபாரத்தில் பெரும்பங்கு இப்படித்தான் நடக்கிறது, அதைப் பிடிக்க நோட்டைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

காலக் கணக்கும் இரண்டுக்கும் வேறு. பொங்கல் டின் ஸ்டோரியின் கதை 24 மணி நேரத்தில் முடிந்துவிடும், மறுநாள் காலையில் கணக்குப் பார்த்துவிடலாம். ரீலை மறுநாள் காலையில் பார்த்து முடிவு கட்டினால் பாதிக் கதைதான் தெரியும். ஷேர் மூலம் பரவும் ரீல் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் வந்த ஆர்டரோ, வீட்டில் இருக்கும் எண்ணெய் தீர்ந்த பிறகுதான் வரும். மாதம் ஒருமுறை எண்ணெய் வாங்கும் வீட்டுக்கு அந்த ரீலின் பலன் தெரிய நான்கு, ஐந்து வாரமாவது வேண்டும். பட்டுப்புடவை விற்பவருக்கு அடுத்த முகூர்த்தம் வரை ஆகலாம்.

எண்கள் சின்னவையாக இருக்கும்போது இன்னொரு பொறுமையும் தேவை. இந்த வாரம் 14 ஆர்டர், அடுத்த வாரம் 11 என்றால் அது சரிவே இல்லை. ஒரு வீட்டில் ஊருக்குப் போயிருப்பார்கள், இன்னொருவருக்குச் சம்பளம் தாமதமாகியிருக்கும். அந்த மூன்றுக்காக ஸ்டோரியின் வடிவத்தை மாற்றினால், எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது. ஒரே மாதிரியான நான்கு ஸ்டோரிகளைச் சேர்த்துப் பார்த்து, க்ளிக்கும் செய்தியும் ஆர்டரும் மொத்தமாக எவ்வளவு என்று வகுத்த பிறகு மாற்றுவதாக இருந்தால் மாற்றலாம். அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்: முதலில் டெலிவரி கட்டணத்தை எழுதிப் பார்ப்பது, அதன் கணக்கு தெரிந்த பிறகு விலையிலோ தேதியிலோ கை வைப்பது.